பிசிறு எடுத்த ஊசி

ஆயுத பூஜை லீவு முடிந்து ஆய்வுக்கூடத்தின் பூட்டைத் திறந்தாள் ஆராய்ச்சியாளர் தமிழ்மொழி. உள்ளே சாம்பிராணியும் சந்தனமும் சேர்ந்து கோயில் மாதிரி மணந்தது. கணினிக்குப் பொட்டு, ஏசிக்குப் பொட்டு, தீயணைக்கும் உருளைக்கும் பொட்டு. தரையில் பொரி இறைந்து கிடக்க, எறும்புகள் அதற்குள் ஷிப்ட் போட்டு வேலைக்கு வந்துவிட்டிருந்தன.

மூலையில் ரப்பர் கயிறுகளில் ஊஞ்சலாகத் தொங்கும் கருங்கல் பலகையைப் பார்த்தாள். அதன் மேல், ஒரு டிபன் டப்பா அளவே இருக்கும் கருவி. தாளில் எழுதும்போது வருடும் ஊடுருவு நுண்ணோக்கி, வாயால் சொல்லும்போது எஸ்டிஎம். அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு.

"நல்லவேளை, மூடி மேலயே வெச்சிட்டுப் போயிருக்காங்க" என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தாள். கோபப்பட நேரமில்லை. இன்று மதியம் தேவயானி மேடம் வருகிறார்.

தேவயானி கோயம்புத்தூரில் இருக்கும் தாய்க் கல்லூரியின் இயற்பியல் தலைவர். நெய்வேலி நகரியத்தின் ஓரத்தில் இருக்கும் இந்தச் சின்னக் கல்லூரியும் அதே அறக்கட்டளையுடையதுதான். சுற்றிலும் சுரங்கம் தோண்டி, பூமி எந்நேரமும் நடுங்கிக்கொண்டிருக்கும் ஊரில் அணுவைப் பார்க்கிற கருவி எதற்கு, எங்களிடம் கொடுங்கள் என்று கோயம்புத்தூர்க்காரர்கள் வெகுநாளாகக் கேட்கிறார்கள். லீவுக்கு முன்பே தமிழ்மொழி பென்சில் கரியான கிராபைட்டின் அணுக்களைப் படமெடுத்து அனுப்பினாள். படத்தை எவரும் அனுப்பலாம், நேரில் எடுத்துக் காட்டுங்கள் என்று பதில் வந்தது. காட்டினால் கருவி இங்கே. காட்டாவிட்டால் வண்டியேறிப் போய்விடும்.

கருவி போனால் அவளுடைய ஆராய்ச்சியும் போன மாதிரிதான். அவள் கணவன் அன்புச்செல்வனுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. மகள் அபி இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறாள். இதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போக முடியுமா? காடாம்புலியூரில் அவள் பிறந்த வீட்டில் முந்திரி உடைக்காத கை யாருக்கும் கிடையாது. இதை விட்டால் அவளுக்கும் அந்தக் கைதான்.

சின்னப் பெட்டியைத் திறந்தாள். அதில் பஞ்சுக்கு நடுவே, பிளாட்டினமும் இரிடியமும் கலந்த கம்பியில் வெட்டிய ஊசிகள். லீவுக்கு முன்னால் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து, நன்றாகப் படம் தந்தவற்றை மட்டும் சேர்த்து வைத்திருந்தாள். பெட்டியின் மேலும் பொட்டு இருந்தது. துடைத்தாள். இடுக்கியால் ஒன்றை எடுத்துக் கருவியின் குழாயில் செருகினாள். கரித் துண்டின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தாள். மேல் தோல் கண்ணாடிக் காகிதமாய்க் கழன்று வந்து, அடியில் புதுத் தளம் பளபளத்தது. அதை ஊசிக்கு எதிரே வைத்து மூடியைச் சாத்தினாள்.

ஊசி தளத்தைத் தொடக்கூடாது. தொட்டால் நசுங்கிவிடும். தொடாமல், ஆனால் தொட்டுவிடுவதற்கு மயிரிழைக்கும் மயிரிழையாய் இடைவெளி இருக்கும்போது, சின்ன மின்னழுத்தம் கொடுத்தால், நடுவில் கம்பி எதுவும் இல்லாமலே எலக்ட்ரான்கள் அந்தப் பக்கம் போய்ச் சேரும். வேலியைத் தாண்டிக் குதிப்பதில்லை, வேலிக்குள்ளேயே புகுந்து வெளிவருகின்றன. அந்த மின்னோட்டத்தை வைத்துத்தான் தூரத்தை அளப்பது.

கருவி ஊசியை மெல்ல மெல்ல இறக்கியது. மின்னோட்டம் கிடைத்தது. தமிழ்மொழி மூச்சு விட்டாள். திரையில் படம் வரிவரியாய் இறங்கியது.

கூழ். வேறெந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு தழும்பு, நடுவில் கஞ்சி. வேகத்தை மாற்றினாள், கூழ். இடத்தை மாற்றினாள், வேறு கூழ். ஊசியைக் கழற்றி இன்னொன்றைப் போட்டாள். அதே கூழ், அதே சட்டி.

"சனியன்! போன வாரம் முத்து முத்தா குடுத்துக்கினு இருந்த ஊசிதானே நீ?"

பிறகு உட்கார்ந்து யோசித்தாள். ஊசியைத் தளத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாய் விலக்கி, மின்னோட்டம் எப்படிக் குறைகிறதென்று வரையச் சொன்னாள் கணினியை. ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்கு போட்டு அதில் ஒரு பங்கு விலக்கினால், மின்னோட்டம் ஏறக்குறையப் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். இன்னொரு பங்கு விலக்கினால் அதிலும் பத்தில் ஒன்று. அது பாடப்புத்தகக் கணக்கு. காற்றில் அந்த அளவு விழாது, ஆனாலும் கிணற்றில் கல் விழுவது போல் விழ வேண்டும். இங்கே அது மாட்டு வண்டி மேட்டிலிருந்து இறங்குவது போல, ஆற அமர இறங்கியது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஊசிக்கும் தளத்துக்கும் நடுவே ஏதோ ஒட்டிக் கிடக்கிறது. ஊசி பின்னே போனாலும் அந்த அழுக்கு தளத்தை அமுக்கிக்கொண்டு, நடுவில் இருக்கிற இடைவெளியை உண்மையாக விரியவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ஊசியைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஊசி ஜொலித்தது. அவள் வெட்டும்போது கிழிந்து, கோணல் மாணலாய் இருந்த முனை இப்போது அழகான கூம்பாகச் சீவப்பட்டு, நுனி உருண்டு, கண்ணாடி மாதிரி மினுங்கியது. மேலே எண்ணெய்ப் பசை. பெட்டியிலிருந்த மற்றவற்றையும் பார்த்தாள். எல்லாமே அப்படி. எல்லாமே மாப்பிள்ளைகள்.

"போர்மேன் சார்!"

பக்கத்துப் பணிமனையிலிருந்து வெங்கடேஷ் வந்தார். ஈரோட்டுக்காரர். சுரங்கத்தின் பணிமனையில் பர்மனென்ட் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்று, இந்தக் கல்லூரியில் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லோருக்கும் அவர் போர்மேன்தான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பட்டுத்துணி வைத்திருப்பார், எதையாவது துடைக்க.

"என்னங்க அம்மிணி, பூஜை பிரசாதம் எடுத்துக்கிட்டீங்களா?"

"இந்த ஊசிங்கள யாரு தொட்டது?"

அவர் முகம் மலர்ந்தது. "பாத்துட்டீங்களா? ஆயுத பூஜைன்னா சும்மா பொட்டு வெக்கிறதுங்களா? எங்க பணிமனைல ஒரு ஸ்பேனர்கூட அழுக்கா பூஜைக்கு உக்காராது. இத்தனையையும் தொடச்சி வெச்சேன், கடைசில உங்க பெட்டியத் தொறந்தா, அடக் கொடுமையே, ஒவ்வொரு ஊசியும் நாய் கடிச்ச மாதிரி பிசிறு. வெட்டினவன் கையில அடிக்கணும்னு நெனச்சேன்."

"வெட்டினது நானு."

"அதனாலதான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளு உக்காந்து, பொடி எமரித் தாள் போட்டு, அப்புறம் பாலிஷ் போட்டு, துரு வராம ஒரு சொட்டு எண்ணெயும்—"

"பிளாட்டினம் துரு பிடிக்காது சார்!"

"ஆனா எண்ணெய் வெச்சா ஆயுதத்துக்கு மரியாதைங்க."

தமிழ்மொழி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கத்தலாமா, அழலாமா என்று அவளுக்கே முடிவு பண்ண முடியவில்லை. கடைசியில் ரெண்டும் கலந்துதான் வந்தது.

"சார், அந்தப் பிசிறுதான் சார் எனுக்கு வேலை செய்யிறது! நீங்க எடுத்தது பிசிறு இல்ல, என் கண்ண!"

"என்னங்க இது, பிசிறு வேலை செய்யுமா? நான் ஒரு மைக்ரான்கூட மேடு பள்ளம் விடல."

"ஒரு மைக்ரான்ல எத்தினி அணு அடுக்கி வெக்கலாம் தெரியுமா? ஆயிரக்கணக்குல. உங்க கண்ணுக்கு உருண்டையா இருக்கிற நுனில, தளத்துக்குப் பக்கத்துல லட்சம் அணு ஒரே மட்டத்துல நிக்குது. எல்லாமே ஆளுக்குக் கொஞ்சம் கரண்ட அனுப்புது. யாரு அனுப்புனதுன்னு தெரியாம படம் கலங்கிப் போவுது."

அவர் தலையைச் சொறிந்தார். ஒப்புக்கொள்கிற சொறிதல் இல்லை அது.

"கோயில்ல அன்னதானம் போடறாங்க" என்றாள் தமிழ்மொழி, பல்லைக் கடித்துக்கொண்டு. "அண்டாகிட்ட மொதல்ல நிக்கிறவனுக்குப் பத்து கரண்டி சோறு. ஒரே ஒரு அடி பின்னாடி நின்னா ஒரு கரண்டி. ரெண்டடி பின்னாடி நின்னா நாலு பருக்கை. அப்போ சோத்தையெல்லாம் யாரு தின்னது?"

"மொத ஆளு."

"அதான். கிழிஞ்ச முனைல ஏதோ ஒரு அணு மத்ததவிட ஒரு படி முன்னால துருத்திக்கினு நிக்கும். ஒரு அணு உசரம் முன்னால நின்னாப் போதும், கிட்டத்தட்ட எல்லாக் கரண்டும் அது வழியாத்தான் போவும். பின்னால மலை மாதிரி எத்தினி இருந்தாலும் கணக்குல வராது. அந்த ஒத்த அணு விரல் மாதிரி கீழ இருக்கிற அணுவுங்க மேல தடவிக்கினு போவும், மேடு வந்தா கரண்ட் ஏறும், பள்ளம் வந்தா இறங்கும். ஒத்த விரல்ல தடவுனாத்தான் ஒத்த அணு தெரியும். நீங்க விரல வெட்டிட்டு உள்ளங்கையக் குடுத்திருக்கீங்க."

"அப்படிப் பாத்தா ஒருத்தன் முண்டியடிச்சு முன்னால நிக்கிற வரிசைதான் நல்ல வரிசைங்கிறீங்க" என்றார் அவர். விளங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அடுத்த நொடியே, "இருந்தாலும் அதைக் கொஞ்சம் அழகா வெட்டியிருக்கலாம்" என்றார்.

அந்த ஊசிகளையே மறுபடி வெட்டலாமென்றால், அவர் சீவிச் சீவி எல்லாம் கட்டையாகிவிட்டன. இன்னும் வெட்டினால் குழாய்க்கு வெளியே நீட்டாது. புதுக் கம்பி கேட்டு எழுதியது இன்னும் வரவில்லை. இழுப்பறையில் ஒரு கடைசித் துணுக்கு மட்டும் கிடந்தது, தீக்குச்சி அளவுக்கு.

அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் சோமசுந்தரம் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, நெற்றியில் விபூதி. "என்னம்மா, எல்லாம் ரெடியா? மேடம் பக்கத்துல வந்துட்டாங்களாம்."

தமிழ்மொழி விஷயத்தைச் சொன்னாள்.

"சரி, அதுக்கு ஏன் இப்படிப் பதறுற? போன வாரம் எடுத்த படம் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? அதையே திரையில ஓட விட்டுருவோம். ஊசி உள்ள இருக்கா இல்லையான்னு அவங்க தொறந்தா பாக்கப் போறாங்க?"

"சார், நேர்ல எடுத்துக் காட்டச் சொல்லித்தானே வராங்க."

"நேர்லதானே காட்டுறோம், அவங்க நேருக்கு நேரா உக்காந்து பாப்பாங்க."

"அவங்க ஒரு கேள்வி கேட்டா மாட்டிக்குவோம் சார். அப்புறம் கருவி மட்டும் இல்ல, என் பேரும் கோயம்புத்தூருக்குப் போவும்."

"எடக்கு மடக்காப் பேசாத" என்று சொல்லிவிட்டு அவர் வாசலுக்கு வரவேற்கப் போனார். போகிற போக்கில், "அப்படியே கொஞ்சம் ரூம் ப்ரெஷ்னர் அடிச்சு விடு" என்றார்.

தமிழ்மொழி வெட்டுக் கத்திரியை எடுத்தாள். அதிலும் எண்ணெய். ஸ்பிரிட்டில் துடைத்தாள், இன்னொரு முறை துடைத்தாள். கம்பியைப் பிடித்தால் கத்திரி நழுவியது, கத்திரியைப் பிடித்தால் கம்பி.

"குடுங்க இப்படி, நான் வெட்டறேன்" என்றார் வெங்கடேஷ்.

"நேரா வெட்டக் கூடாது. சாய்ச்சு வெச்சு, பாதி வெட்டு விழும்போதே வெடுக்குன்னு இழுக்கணும். கம்பி வெட்டுப்படக் கூடாது, பிஞ்சி வரணும். புரியுதா?"

"புரியுதுங்க, புரியுதுங்க."

வெட்டினார். 'டக்'கென்று ஒரு சத்தம். கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். வெண்ணெயில் கத்தி போட்ட மாதிரி வழுவழுவென்று ஒரு வெட்டு. சுரங்கத்தில் காலமெல்லாம் பிசிறில்லாமல் வெட்டிப் பழகிய கை, பிசிறோடு வெட்டு என்றால் கேட்குமா?

"சார்!"

"இழுக்கத்தானுங்க நெனச்சேன். கை தானா வெட்டிப்போடுது."

தீக்குச்சியில் பாதி போயிற்று. மீதியைக் கையால் பிடிக்கவே முடியாது. தமிழ்மொழி அவரை முறைத்தாள். அவர் பணிமனைக்குப் போய், கடிகாரக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு குட்டிப் பிடிப்பானோடு வந்தார். கேட்காமலே அதையும் ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்தார்.

"நான் பிடிக்கிறேன். நீங்க பிய்ங்க. நான் கண்ண மூடிக்கிறேன், அந்த வெட்ட என்னால பாக்க முடியாது."

உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டார். கம்பி அவர் பிடியில் பாறையில் அடித்த ஆணி மாதிரி நின்றது. தமிழ்மொழி கத்திரியைச் சாய்த்து வைத்தாள், அழுத்தினாள், பல் பதிந்ததும் முழு எரிச்சலையும் சேர்த்து இழுத்தாள். காலையிலிருந்து யாரையெல்லாம் அடிக்க வேண்டும் போலிருந்ததோ, அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே இழுப்பு. கம்பி பிய்ந்து வந்தது.

நுனி கோரமாய் இருந்தது. "நாய் கடிச்ச மாதிரியே இருக்கு" என்றாள். அன்றைக்கு அவள் முதல்முறையாகச் சந்தோஷமாகச் சொன்ன வாக்கியம் அதுதான்.

ஊசியைச் செருகி, கரியைப் புதிதாய் உரித்து, மூடியைச் சாத்தவும் தேவயானி உள்ளே வரவும் சரியாக இருந்தது. கதர்ப் புடவை, வெள்ளை முடி, கையில் ஒரு தண்ணீர் பாட்டில். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"வணக்கம். என்ன, ஊசி இப்பதான் போட்டீங்களா?"

"ஆமாம் மேடம். பழைய ஊசியெல்லாம்… கெட்டுப் போச்சு."

"எல்லாமே ஒரே நாள்லயா?"

"ஆமாம் மேடம்" என்றாள். வெங்கடேஷ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பட்டுத்துணியால் அதன் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஊசி இறங்கியது. மின்னோட்டம் வந்தது. தமிழ்மொழி முதலில் படம் எடுக்கவில்லை. ஊசியைப் பின்னால் இழுத்து, மின்னோட்டம் விழுவதைப் பார்த்தாள். கல்லாய் விழுந்தது. தேவயானியின் புருவம் லேசாக உயர்ந்தது. ஆனால் படம் எடுத்தால், ஒவ்வொரு மேடும் இரட்டையாக வந்தது. ஒரு நிழலும் அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிழலும்.

"ரெண்டு பேரு முன்னால நிக்கிறாங்க" என்று தமிழ்மொழி முணுமுணுத்தாள்.

"யாரு?" என்றார் சோமசுந்தரம், வாசலைத் திரும்பிப் பார்த்து.

ஊசியின் நுனியில் ஒரே உயரத்தில் இரண்டு அணுக்கள். ரெண்டும் தனித்தனியே தடவுகின்றன. அவள் ஒரு கணம் மின்னழுத்தத்தைத் தூக்கி, ஊசிக்கு ஒரு தட்டு கொடுத்தாள். தட்டினால் நுனி திருந்தலாம், கெட்டும் போகலாம். கெட்டால் வெட்டக் கம்பி இல்லை. படம் ஒரு வரி குழம்பியது, அடுத்த வரியும் குழம்பியது.

மூன்றாவது வரியிலிருந்து முத்துக்கள். வரிக்கு வரி, வெள்ளை வெள்ளையாய், முக்கோண அடுக்கில், தட்டில் பரப்பிய கடலை மணிகள் போல இறங்கி வந்தன. லேசாகக் கோணியிருந்தன, வெப்பத்துக்குக் கருவி நகர்வதால். ஆனாலும் ஒவ்வொன்றும் தனித்தனி.

தமிழ்மொழி வாயைத் திறப்பதற்குள் சோமசுந்தரம் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா இது, தப்பா இருக்கே? கிராபைட்னா தேன்கூடு மாதிரி ஆறு ஆறா இருக்கணும். இதுல மூணு மூணாத்தானே தெரியுது? பாதி அணு எங்க போச்சு?"

அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். ஆண்டவா, எதிரி வெளியே இல்லை.

"மூணுதான் சார் தெரியணும்" என்றாள், ஒவ்வொரு வார்த்தையாக. "கீழ அடுக்குல நேர் அடியில அணு இருக்கிறது ஒரு வகை, இல்லாதது ஒரு வகை. அடியில ஆள் இல்லாத அணுவுகிட்டதான் எலக்ட்ரான் தாராளமா கெடைக்குது. ஊசிக்கு எட்டுறது அதுதான். ஆறுல மூணு பளிச்சுன்னு, மூணு மங்கல்."

"நீங்க ஆறும் காட்டியிருந்தா நான் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றார் தேவயானி. சோமசுந்தரம் சட்டென்று, "அதைத்தான் நானும் சோதிச்சேன்" என்றார்.

தேவயானி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கரண்ட் இரைச்சலும் இப்படிப் புள்ளி புள்ளியாத் தெரியும். சுரங்கத்து நடுக்கமும் தெரியும். இது அணுதான்னு எப்படி நம்புறது?"

"திருப்பிக் காட்டுறேன் மேடம்."

ஊசி வருடும் திசையை முப்பது டிகிரி திருப்பினாள். இரைச்சலாக இருந்தால் புள்ளிகள் திரும்பாது. இரைச்சலுக்குக் கருவியின் நேரம்தான் தெரியும், கரியின் திசை தெரியாது. படம் வரிவரியாய் இறங்கியது. முத்துக்கள் மொத்தமும் அதே முப்பது டிகிரி சாய்ந்து வந்தன. வருடும் வேகத்தைப் பாதியாக்கினாள். இரைச்சலானால் புள்ளிகளின் இடைவெளி மாறியிருக்கும். மாறவில்லை. பெரிதாக்கினாள், முத்துக்களும் கணக்குப் பிசகாமல் பெரிதாயின.

வெளியே ஏதோ ஒரு கனரக வண்டி போனது. ஜன்னல் அதிர்ந்தது. ரப்பர் கயிற்றில் கருங்கல் லேசாக அசைந்தது. படத்தில் ஒரே ஒரு வரி நடுங்கிவிட்டு, மறுபடி ஒழுங்கானது.

தேவயானி பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். "எனக்கு இந்தக் கருவி வேணும். உண்மையச் சொல்லிடறேன்" என்றார். "ஆனா இதைக் கோயம்புத்தூர் கொண்டு போனா, ஓட்டத் தெரிஞ்ச ஆளையும் சேர்த்துத்தான் கொண்டு போகணும். நீங்க வருவீங்களா?"

"முடியாது மேடம். இங்க குழந்தை இருக்கு, வூட்டுக்காரர் வேலை இருக்கு."

"அப்ப இது இங்கயே இருக்கட்டும். இங்க இருந்தாத்தான் அணு தெரியுதுன்னு எழுதிக் கொடுத்துடறேன். எங்க பசங்கள நாலு நாளைக்கு இங்க அனுப்புறேன், சொல்லிக் குடுங்க." போகும்போது வெங்கடேஷிடம் நின்று, "ஊசிங்கல்லாம் ஒரே நாள்ல எப்படிங்க கெட்டுப் போச்சு?" என்று கேட்டார்.

"வேலைக்காரன் ஒருத்தன் அழகா இருக்கட்டும்னு ஆசைப்பட்டுட்டானுங்க" என்றார் அவர், முகத்தைத் தூக்காமல்.

கார் கிளம்பியதும் சோமசுந்தரம் தமிழ்மொழியைப் பார்த்துக் கையைத் தட்டி, எல்லா வகுப்பையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டலாமா என்றார். கூட்டம் நுழைந்தால் நுனி அன்றைக்கே போய்விடும் என்று அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். உள்ளே மணிமணியாய்ப் படம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தரையில் பொரிக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்புச்செல்வனுக்குப் போன் போட்டாள். பின்னால் கன்வேயர் இரைந்தது.

"கருவி இங்கயே இருக்குங்க! நானும் இங்கயே இருக்கேன்!"

"என்னா? கேக்கல! சத்தமா சொல்லு!"

"கருவி இங்கயே இருக்குங்க!"

"அது எங்க போச்சு? நேத்தும் அங்கதானே இருந்துச்சு!"

தமிழ்மொழி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.